நெரிசல் டேக், அடைபட்ட டேக், ஏறும் டேக்

செனாயில் வீட்டில் முறுக்கு சுட்டு விற்பவர் தம் இன்ஸ்டாகிராம் படத்துக்குக் கீழே பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்: #food #instagood #malaysia #jb #tamil. எழுத்துப்பிழை எதுவும் இல்லை. தடை செய்யப்பட்ட டேக்கும் இதில் இல்லை. ஆனாலும் கூலாயிலோ ஸ்கூடாயிலோ தீபாவளிக்கு முறுக்கு தேடும் ஒருவரின் கைபேசிக்கு இந்த ஐந்தில் ஒன்றுகூட அந்தப் படத்தைக் கொண்டுபோகாது. #food என்ற டேக்கில் மட்டும் 50 கோடிக்கு மேல் பதிவுகள் இருக்கின்றன. #instagood 100 கோடியைத் தாண்டியது. அங்கே போடும் படம், போட்ட நிமிடத்திலேயே மற்ற படங்களுக்கு அடியில் போய்விடும்.

இந்த அத்தியாயம் அந்த ஐந்து டேக்கையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எதைப் போடுவது என்பதைப் பற்றியது. செனாயையும் முறுக்கையும் வைத்தே கடைசி வரை போகிறேன். நீங்கள் தையல் கடை வைத்திருந்தாலும் டியூஷன் எடுத்தாலும் பார்க்கும் முறை இதேதான், தேடும் சொல் மட்டும் மாறும்.

டேக் இன்று என்ன வேலை செய்கிறது

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டேக் போட்டாலே பார்வை கூடும் என்ற காலம் போய்விட்டது. 2007 ஆகஸ்டில் கிரிஸ் மெசினா என்பவர் டிவிட்டரில் # குறியைப் பயன்படுத்தலாமே என்று யோசனை சொன்னார். 2011 தொடக்கத்தில் இன்ஸ்டாகிராமும் அதை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு பல ஆண்டுகள் ஒரு பதிவுக்கு 30 டேக் வரை அள்ளிப் போட்டோம். 2021இல் இன்ஸ்டாகிராமே 3 முதல் 5 வரை போதும் என்று அறிவுரை சொன்னது. 2024 டிசம்பரில் ஒரு டேக்கைப் பின்தொடரும் வசதியை எடுத்துவிட்டது. 2025 டிசம்பரில் ஒரு பதிவுக்கு ஐந்து டேக் என்று வரம்பையே குறைத்துவிட்டது. டேக்குகள் பார்வையைப் பெரிதாகக் கூட்டுவதில்லை என்று அதன் தலைவர் ஆடம் மொசேரியே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் எதற்கு இந்த அத்தியாயம்? தேடுகிறவர்களுக்காக. தீபாவளிக்கு முன்பு ஒருவர் தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டுகிறார். அப்போது முன்னால் வந்து நிற்கும் சில படங்களில் உங்களுடையதும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும்போது தேடுபவர் தட்டிய சொல்லுக்கும் பதிவில் உள்ள எழுத்துக்கும் உள்ள பொருத்தம்தான் முதலில் பார்க்கப்படும், அடுத்து தேடுபவரின் பழக்கம், பிறகு அந்தப் பதிவுக்குக் கிடைத்த வரவேற்பு என்று 2021 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் விளக்கியிருந்தது. கோடிப் பேரோடு போட்டி போடும் டேக்கில் மூன்றாவது விஷயம் உங்களைத் தோற்கடித்துவிடும். சின்ன டேக்கில் முதல் விஷயத்தை வைத்தே ஜெயிக்கலாம்.

ஐந்தே இடம்தான் இருக்கிறது என்பதால் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேண்டும். முப்பது இருந்த காலத்தில் பத்து வீணாய்ப் போனாலும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், முதல் மூன்று வரிசையைப் பாருங்கள்

தேடலில் # போட்டு ஒரு சொல்லைத் தட்டினால் பக்கத்தில் எத்தனை பதிவுகள் என்று ஓர் எண் வரும். பலர் அதோடு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பத்தாயிரத்துக்குக் கீழே என்றால் நல்லது, பத்து லட்சத்துக்கு மேல் என்றால் கெட்டது என்று அவர்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருபது லட்சம் பதிவுகள் உள்ள டேக் ஒன்று ஐந்து வருடங்களுக்கு முன்பே ஓய்ந்து போயிருக்கலாம். எட்டாயிரமே உள்ள இன்னொன்றில் நாலு பெரிய கணக்குகள் தினமும் பதிவு போட்டு மேலிடத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கலாம்.

டேக்கைத் திறந்து முதல் மூன்று வரிசைகளைப் பாருங்கள். ஒரு வரிசைக்கு மூன்று படம், ஆக ஒன்பது. அந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூன்று விஷயங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பதிவின் வயது. ஒன்பதும் இந்த வாரத்தில் போட்டவை என்றால் அது வேகமாக ஓடும் டேக். உங்கள் படம் மேலே வந்தாலும் இரண்டு நாள்கூடத் தங்காது. ஒன்பதில் மூன்று நான்கு படங்கள் இரண்டு மாதத்துக்கு முன்பு வந்தவை என்றால் அங்கே இடம் காலியாகிறது, வந்தவர் தங்கவும் முடிகிறது.

இரண்டாவது, விருப்பங்கள். ஒன்பது எண்களையும் சிறியதிலிருந்து பெரியதுவரை அடுக்கி நடுவில், அதாவது ஐந்தாவதாக, நிற்கும் எண்ணை எடுங்கள். சராசரி போடாதீர்கள். எங்கிருந்தோ ஒரு நடிகரின் படம் உள்ளே வந்திருந்தால் சராசரி கெட்டுவிடும். உங்கள் பதிவுக்கு வழக்கமாக 40 விருப்பங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். நடு எண் 120க்குள் இருந்தால், அதாவது உங்களுடையதைப் போல் மூன்று மடங்குக்குள் இருந்தால், முயன்று பார்க்கலாம். இது என் கைக்கணக்குதான், இன்ஸ்டாகிராம் எங்கும் சொன்னதில்லை. ஆனால் மடங்கு பத்தைத் தாண்டும் இடத்தில் சிறு கணக்குகள் மேலே வருவது அரிது. சிலர் விருப்ப எண்ணிக்கையை மறைத்து வைத்திருப்பார்கள், 2021 முதல் அதற்கு வசதி இருக்கிறது. அங்கே கருத்துகளின் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுங்கள்.

மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த ஒன்பதும் யாருடைய படங்கள்? வாங்க வருகிறவர்கள் பார்க்கும் படங்களா, விற்கிறவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் படங்களா? கருத்துகளைத் திறந்தால் தெரிந்துவிடும். “harga?”, “berapa sekilo”, “COD Kulai boleh?”, “அக்கா, இன்னும் ஆர்டர் எடுக்கிறீங்களா” என்று யாராவது கேட்டிருந்தால் அந்த டேக் வழியாக வாங்குபவர்கள் நடமாடுகிறார்கள் என்று அர்த்தம். வெறும் தீப்பொம்மையும் கைதட்டும் படமும் இருந்தால் அது விற்பவர்களுக்குள்ளேயே நடக்கும் உபசாரம்.

இந்தச் சோதனையை உங்கள் கைபேசியிலேயே செய்யாதீர்கள். தேடுபவரின் பழக்கத்தையும் பார்த்துத்தான் முடிவுகள் வருகின்றன என்பதால் உங்கள் கணக்கில் தேடினால் நீங்கள் அடிக்கடி பார்ப்பவர்களின் படங்கள் முன்னால் வந்துவிடும். உங்களைப் பின்தொடராத ஒரு தங்கை மகனோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ இருந்தால் அவர்கள் கைபேசியை வாங்கிப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. உங்கள் கணக்கு பிறருக்கு மூடிய தனிக் கணக்காக இருந்தால் எந்த டேக் போட்டாலும் வெளியாருக்குத் தெரியாது. டேக் வேலை செய்யவில்லை என்று புலம்புபவரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

கூட்டம் இல்லாமலும் தொலையலாம்

சில டேக்குகளில் நெரிசல் இருக்காது, ஆனால் ஆட்கள் வேறு. செனாய்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம்.

#jb என்பது நமக்கு ஜொகூர் பாரு. உலகத்துக்கு அது ஜஸ்டின் பீபரும் ஜோனாஸ் சகோதரர்களும். #senai என்று ரோமன் எழுத்தில் தட்டினால் நம் ஊரோடு சேனைக்கிழங்கு வறுவலும், ஏதாவது ஒரு சேனையின் கொடியும் அதே எழுத்தில் வந்து நிற்கலாம். தமிழில் #செனாய் என்று போட்டாலும் கல்யாண வாத்தியமான ஷெனாயை அப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். #kulai என்ற பெயரில் கர்நாடகத்தில் மங்களூருக்குப் பக்கத்திலும் ஓர் ஊர் இருக்கிறது. ஆகையால் ஊர்ப் பெயரைத் தனியாக விடாதீர்கள், மாநிலத்தையோ மாவட்டத்தையோ ஒட்டிவையுங்கள்: #senaijohor, #senaikulai, #kulaijohor. செனாய் கூலாய் மாவட்டத்துக்குள் இருப்பதால் உள்ளூர்க்காரர் இரண்டு பெயரையும் சேர்த்துத் தட்டுவது இயல்புதான்.

விமான நிலையத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். செனாய் என்றாலே வெளியூர்க்காரருக்கு விமானம்தான் நினைவுக்கு வரும். #senaiairport டேக்கில் பயணப் படங்களும் விமானம் படம் பிடிப்பவர்களின் படங்களும்தான் வரும். முறுக்கு விற்க அது இடமில்லை. விமான நிலையத்துக்குக் கார் ஓட்டுபவர், பக்கத்தில் தங்கும் அறை நடத்துபவர் என்றால் அவர்களுக்கு அதே டேக் பொருத்தமாக இருக்கும்.

#tamil பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்ஸ்டாகிராமில் அது சினிமாவின் கையில் இருக்கிறது. பாட்டுத் துண்டுகள், நாயகர் காட்சிகள், மீம்கள், எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து. அங்கே உங்கள் முறுக்கை யாராவது பார்த்தாலும் அவர் மதுரையிலோ சென்னையிலோ இருப்பார், வெள்ளி கொடுத்து வாங்கப்போவதில்லை. டிக்டாக்கில் நிலைமை சற்று வேறு. இந்தியா 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்ததால் தமிழ்நாட்டுக் கூட்டம் அங்கே இல்லை. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, வளைகுடா, ஐரோப்பா என்று வெளியே இருக்கும் தமிழர்கள்தான் அங்கே புழங்குகிறார்கள். ஒரே சொல், இரண்டு தளம், இரண்டு வேறு ஊர்கள். ஒரு தளத்தில் ஓடிய டேக் வரிசையை அப்படியே மற்றதில் ஒட்டுவது ஏன் சரிவருவதில்லை என்பதற்கு இது போதும். #fyp போன்றவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அடைபட்ட டேக்

ஒரு டேக் தடைபட்டிருந்தால் அதை உங்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். பதிவு போகும், டேக் நீல நிறத்தில் தெரியும், எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். ஆனால் வெளியார் அந்த டேக்கைத் தேடினால் உங்கள் படம் கண்ணில் படாது.

கெட்ட சொல் என்றால்தான் தடை வரும் என்று நினைத்துவிடாதீர்கள். 2015இல் இன்ஸ்டாகிராம் #curvy என்ற சாதாரணச் சொல்லை மூடியது. அதைச் சுற்றி ஆபாசப் பதிவுகள் மண்டிவிட்டன என்பது காரணம். உடல்வாகைப் பற்றிப் பெருமையாக எழுதிக்கொண்டிருந்த பெண்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பிய பிறகே அதைத் திறந்தார்கள். இதைவிட மோசமானது #sikh விஷயம். ஒரு சமயத்தின் பெயரே அது. யாரோ கொடுத்த புகாரைத் தவறாகப் பரிசீலித்ததால் 2020 மார்ச் 7 அன்று அது அடைபட்டது. ஜூன் மாதம் 1984 பொற்கோயில் நிகழ்வை நினைவுகூர்ந்து மக்கள் எழுதத் தொடங்கியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்கு அப்புறம் நிறுவனம் தவற்றை ஒப்புக்கொண்டு திறந்தது. மூன்று மாதம் அது மூடியே கிடந்திருக்கிறது. தலைப்பாகை விற்கும் ஒரு சிறு கடைக்காரர் அந்த மூன்று மாதமும் #sikh போட்டு வந்திருந்தால், தன் படங்கள் ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நம் பக்கத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய சொல் ஒன்று இருக்கிறது. மலேசியாவில் கடைக்காரப் பெண்மணியை ‘ஆன்ட்டி’ என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுகிறோம். ‘ஆன்ட்டி முறுக்கு’ என்று பெயர் வைத்து #aunty என்று டேக் போட்டால் கதை வேறாகிவிடும். இந்திய இணையத்தில் அந்தச் சொல்லைச் சுற்றி ஆபாசப் பதிவுகள் குவிந்து கிடக்கின்றன. டேக் மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் அந்தக் கூட்டத்தில் உங்கள் பலகாரம் நிற்க வேண்டாம். பெயர்ப் பலகையில் ஆன்ட்டி இருக்கட்டும், டேக்கில் இருக்க வேண்டாம்.

சோதிப்பது எளிது. இன்னொருவர் கைபேசியில் அந்த டேக்கை முழுதாகத் தட்டுங்கள். முதல் அடையாளம், பல லட்சம் பதிவுகள் இருக்க வேண்டிய சொல் பரிந்துரைப் பட்டியலில் வராமல் இருப்பது. இரண்டாவது, பக்கம் திறந்தும் படங்கள் இல்லாமல் இருப்பது, அல்லது சில படங்களோடு நின்றுவிட்டு, சமூக விதிகளை மீறும் பதிவுகள் இருக்கலாம் என்பதால் மறைத்திருக்கிறோம் என்ற அறிவிப்பு வருவது. டிக்டாக்கில் முடிவுகளுக்குப் பதிலாக, இந்தச் சொல் விதிகளுக்குப் புறம்பான உள்ளடக்கத்தோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று ஓர் எச்சரிக்கை வரும். இவற்றில் எதைக் கண்டாலும் அந்த டேக்கை எடுத்துவிடுங்கள். இணையத்தில் உலவும் ‘தடைபட்ட டேக்குகள்’ பட்டியல்களை நம்பி எடுக்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம். #curvy போல மூடித் திறந்தவை அவற்றில் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும்.

தடைபட்ட டேக் ஒன்றைப் போட்டதால் முழுக் கணக்கும் இருட்டடிக்கப்படும் என்று பயமுறுத்துபவர்கள் உண்டு. அந்த டேக் வழியாக யாரும் வரமாட்டார்கள் என்பது மட்டும் உறுதி. உங்கள் கணக்கின் மீதே ஏதாவது கட்டுப்பாடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அமைப்புகளுக்குள் Account Status என்று ஒரு பக்கம் இருக்கிறது. பின்தொடராதவர்களுக்கு உங்கள் பதிவுகள் பரிந்துரைக்கப்படுமா என்பதை அங்கேயே பார்க்கலாம். அங்கே எல்லாம் பச்சையாக இருந்தும் பார்வை வரவில்லை என்றால் குற்றத்தைத் தடை மேல் போடாதீர்கள். நெரிசல்தான் காரணமாக இருக்கும், அல்லது படம் சரியில்லை.

தமிழ் எழுத்தில் டேக்

தமிழ் டேக்குகளில் நெரிசல் குறைவு. அதனாலேயே சிறு வியாபாரத்துக்கு அவை நல்ல இடம். ஆனால் அவற்றில் சில கண்ணிகள் இருக்கின்றன.

டேக்குக்குள் இடைவெளி விடக்கூடாது என்பது தெரிந்ததே. #தீபாவளி பலகாரம் என்று எழுதினால் #தீபாவளி மட்டும் டேக்காகும், பலகாரம் வெளியே நிற்கும். சரி, சேர்த்து எழுதலாம் என்றால் ஒற்று வந்து குறுக்கே நிற்கிறது. #தீபாவளிப்பலகாரம் என்பது இலக்கணப்படி சரி. #தீபாவளிபலகாரம் என்றுதான் பலர் தட்டுகிறார்கள். கணினிக்கு இவை இரண்டும் இரண்டு தனி டேக்குகள், ஒன்றின் பதிவு மற்றதில் வராது. தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும், ஆனால் இங்கே இலக்கணத்தைத் தலைப்பு வரியில் காப்பாற்றிக்கொள்ளுங்கள். டேக்கில் எது அதிகம் பேர் தட்டுவதோ அதைப் போடுங்கள். இரண்டையும் தட்டிப் பார்த்தால் எண்ணிக்கையே சொல்லிவிடும்.

ஊர்ப் பெயரிலும் இதே கதைதான். ஜொகூர், ஜோகூர் என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறோம். அதோடு இன்னொரு நுட்பமான கோளாறும் உண்டு. பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டு மாற்றிய கோப்பிலிருந்து ‘ஜொகூர்’ என்பதை வெட்டி ஒட்டினால், ‘ொ’ என்பது ஒரே குறியாக இல்லாமல் ‘ெ’, ‘ா’ என்று இரண்டு துண்டாகவோ, ‘ா’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ எழுத்தாகவோ வந்திருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கைபேசி விசைப்பலகையில் புதிதாகத் தட்டினால் பதிவு எண்ணிக்கை காட்டுகிறது, ஒட்டினால் எதுவும் காட்டவில்லை என்றால் கோளாறு அதுதான். டேக்கை ஒட்டாமல் தட்டுங்கள்.

ஒரு கணக்கை எடுத்து மாற்றிப் பார்ப்போம்

முதலில் பார்த்த அந்த முறுக்குக் கணக்குக்கே திரும்புவோம். பின்தொடர்பவர்கள் சுமார் 600 பேர், பதிவுக்கு 40 விருப்பங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வேண்டியது செனாய், கூலாய், இண்டாபூரா, ஸ்கூடாய் பக்கத்திலிருந்து வரும் ஆர்டர்கள். அதோடு செனாய் தொழிற்பேட்டை அலுவலகங்கள் தீபாவளிப் பரிசாகக் கொடுக்க வாங்கும் டப்பாக்கள்.

தேடலைப் பொருளிலிருந்து தொடங்க வேண்டும். மலேசியாவில் முறுக்கு வாங்குபவர் தமிழர் மட்டுமல்ல. மலாய்க்காரரும் சீனரும் வாங்குகிறார்கள், மலாய் மொழியில் அதன் பெயர் muruku. ஒரு k. தமிழ்நாட்டுச் சமையல் பக்கங்களும் சிங்கப்பூர்க் கடைகளும் #murukku என்று இரண்டு k போட்டு எழுதுகின்றன. அந்த டேக்கின் முதல் ஒன்பதில் சமையல் குறிப்பு வீடியோக்கள் வந்தால், எப்படிச் செய்வது என்று தேடுபவர்கள்தான் அங்கே வருகிறார்கள். வாங்க வருபவர்களை அங்கே எதிர்பார்க்க முடியாது. #muruku, #murukuhomemade, #murukumalaysia மூன்றையும் திறந்து ஒன்பது ஒன்பதாகக் குறித்துக்கொள்ளுங்கள். ‘harga’ என்று கேட்கும் கருத்துகள் எதில் அதிகமோ, நடு எண் எதில் 120க்குள் இருக்கிறதோ, அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே டேக்கில் கிடைக்காவிட்டால் கருத்துகளுக்கு முதலிடம் கொடுங்கள்.

#kacangputih கையைக் கூப்பிடும். அவர் முறுக்கோடு கச்சான் கலவையும் விற்கிறார் என்றால் போடத் தோன்றும். ஆனால் காச்சாங் பூத்தே என்றாலே மலேசியாவில் ஈப்போவின் புந்தோங்தான். அந்த டேக்கில் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் அந்த ஊர்க்காரர்களாக இருந்தால் விட்டுவிடலாம். பேராக்கிலிருந்து அஞ்சலில் வாங்குபவர் செனாய்க்கு வரமாட்டார்.

அடுத்தது பருவம். #diwali வேண்டாம். அது வட இந்தியாவுடையது, அக்டோபர் வந்தால் அடங்காத வெள்ளம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் Deepavali என்றுதான் எழுதுகிறோம், அந்த எழுத்தே பாதிக் கூட்டத்தை வடிகட்டிவிடும். அதிலும் #deepavali தனியாக நின்றால் வாழ்த்து அட்டைகளும் துணிக்கடை விளம்பரங்களும் வந்துவிடும். #deepavalicookies, #deepavalisnacks போன்றவற்றில் தின்பண்டம் தேடுபவர்கள் மட்டும் இருப்பார்கள்.

மூன்றாவது ஊர். #senaijohor அல்லது #kulaifood. சின்ன ஊர் டேக்குகளில் ஒரு நல்ல சகுனம் உண்டு. ஒன்பதில் ஓட்டல், முடிதிருத்தும் கடை, வீட்டு வாடகை என்று கலந்து கிடந்தால் அது குப்பை என்று நினைக்காதீர்கள். அந்த ஊரில் இருப்பவர்கள்தான் அங்கே எழுதுகிறார்கள் என்பதற்கு அது சான்று. அங்கே முறுக்கு விற்கும் கணக்கு ஒன்றுகூட இல்லை என்றால் இன்னும் நல்லது.

இப்படி வடிகட்டிய பிறகு அவருடைய வரிசை இப்படி இருக்கலாம்:

```
#murukuhomemade #deepavalisnacks #senaijohor #kulaifood #தீபாவளிபலகாரம்
```

டேக்கோடு வேலை முடியவில்லை. தேடலில் முதல் பொருத்தம் எழுத்தோடு என்றோமே, படத்துக்குக் கீழே வரும் வரியிலும் அதே சொற்கள் இருக்க வேண்டும். “இந்த வருடமும் ரெடி!!” என்று ஒரு வரி எழுதி மூன்று இதயம் போட்டால் அதில் தேடுவதற்கு எதுவும் இல்லை. “செனாயில் வீட்டு முறுக்கு, நெய் உருண்டை. கூலாய், ஸ்கூடாய் டெலிவரி. Muruku homemade, Senai Johor” என்று எழுதினால் தமிழில் தேடுபவரும் மலாயில் தேடுபவரும் கண்டுபிடிப்பார்கள். இடக்குறியில் ‘Johor’ என்று விடாமல் ‘Senai, Johor’ என்று தேர்ந்தெடுங்கள். 2025 ஜூலை முதல் தொழில்முறைக் கணக்குகளின் பொதுப் பதிவுகள் கூகுள் தேடலிலும் வரத் தொடங்கியிருக்கின்றன என்பதால் இந்த ஒரு வரி இன்ஸ்டாகிராமுக்கு வெளியேயும் வேலை செய்யும்.

பதிவைப் போட்ட மறுநாள், அந்தத் தங்கை மகன் கைபேசியில் ஐந்து டேக்கையும் தேடிப் பாருங்கள். முதல் மூன்று வரிசையில் எத்தனையில் இருக்கிறீர்கள்? மூன்று நாள் கழித்து இன்னொரு முறை. ஐந்தில் எதிலுமே இல்லை என்றால் கணக்கையும் படத்தையும் சந்தேகியுங்கள். இரண்டில் இருந்தால் மற்ற மூன்றை மாற்றுங்கள், அந்த இரண்டைத் தொடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

முதலிடத்தில் இருந்தும் ஒரு ஆர்டரும் வரவில்லை என்ற நிலையும் உண்டு. #murukusenai என்று நீங்களே ஒரு டேக் உருவாக்கினால் அதில் என்றைக்கும் நீங்கள்தான் முதல், ஏனென்றால் வேறு யாரும் இல்லை, தேடுபவரும் இல்லை. அப்படிப்பட்ட டேக்கை உங்கள் படங்களை ஒன்றுசேர்த்துக் காட்ட வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஐந்தில் ஒன்றை அதற்குக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. தேடுகிறார்களா என்று அறிய வேறு வழி, வாட்ஸ்அப்பில் ஆர்டர் கொடுக்கும் புதியவரிடம் “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டு, அவர் தட்டிய சொல்லை அப்படியே எழுதிவைப்பது. பத்துப் பேர் சொன்ன சொற்கள் கையில் இருந்தால் அடுத்த பருவத்துக்கான டேக் அதிலேயே கிடைத்துவிடும்.

நாளும் முக்கியம். 2026இல் தீபாவளி நவம்பர் 8 அன்று வருகிறது. பெரிய கடைகள் அக்டோபர் நடுவில் விளம்பரத்தைக் கொட்டத் தொடங்கும்போது #deepavalisnacks போன்ற டேக்கின் நடு எண் சட்டென்று ஏறும். ஆகஸ்டில் 120க்குள் இருந்தது அப்போது 500 ஆகியிருக்கலாம். ஆகையால் செப்டம்பர் கடைசியிலேயே இரண்டு மூன்று பதிவுகள் போட்டு இடம்பிடித்துவிடுங்கள். அக்டோபர் 15 வாக்கில் ஐந்தையும் மறுபடி அளந்து பாருங்கள். பருவ டேக் கைமீறிப் போயிருந்தால் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னோர் ஊர் டேக்கைப் போடுங்கள், ஸ்கூடாய் அல்லது இண்டாபூரா. நவம்பர் 9 காலை பருவ டேக் உள்ள வரிசையை எடுத்துவிட்டு, கல்யாணம், வளைகாப்பு ஆர்டர்களுக்கான டேக்குகளை இதே ஒன்பது கட்ட முறையில் தேடத் தொடங்கலாம்.